எவ்வளவு, எதற்குள், அப்புறம் என்ன?
மின்துண்டிப்பு அறிவிப்பைத் திருத்தி எழுதுவது பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



பெரிய தலைப்பு எதையாவது எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் ஒற்றைத் தாளைப் பற்றிப் பேசப் போகிறேன். கரண்ட் பில் கட்டாத வீட்டுக்கு ஈ.பி. ஆபீசிலிருந்து வரும் துண்டிப்பு அறிவிப்புத்தான் அது. படிவங்களையும் அறிவிப்புகளையும் திருத்தி எழுதுவது என் தொழில். இந்தத் தாளிடம் பட்ட பாட்டை வேறு எதனிடமும் நான் பட்டதில்லை.

முதலில் பழைய நடையில் ஒன்றைப் படிக்கிறேன். குறிப்பிட்ட ஓர் அலுவலகத்தின் கடிதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வகை அறிவிப்புகள் வழக்கமாகப் பேசும் மொழியில் நானே எழுதிக்கொண்ட மாதிரி இது.

“தங்களது மேற்கண்ட மின் இணைப்பிற்கான முன் பருவ நிலுவைத் தொகை ரூ.980, தாமதக் கட்டணம் ரூ.34, நடப்புப் பருவக் கட்டணம் ரூ.1,240, ஆக மொத்தம் ரூ.2,254 செலுத்தப்படாமல் உள்ளதால், இவ்வறிவிப்பு கிடைக்கப்பெற்ற 15 தினங்களுக்குள் மேற்படி தொகையினைச் செலுத்தத் தவறும் பட்சத்தில், மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56-இன் கீழ் மேலும் முன்னறிவிப்பு ஏதுமின்றி மின் இணைப்பு துண்டிக்கப்படும் எனவும், மறுஇணைப்பு விதிகளுக்குட்பட்டே வழங்கப்படும் எனவும் இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது.”

இதைக் கேட்டவர்கள் உடனே மொழியைத்தான் குறை சொல்வார்கள். நீண்ட வாக்கியம், அரசாங்க நடை, ‘பட்சத்தில்’, ‘எனவும்’. அதெல்லாம் உண்மைதான். ஆனால் இதை நாலு சிறிய வாக்கியங்களாக உடைத்து எளிய தமிழில் எழுதினாலும் படிப்பவருக்கு விடை கிடைக்காது. அவர் தேடுவது மூன்று விஷயங்கள்: எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள், மீறி ஃபீஸைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வது. தாளில் தொகை நான்கு இருக்கிறது. தேதி ஒன்றுகூட இல்லை. மூன்றாவதற்கு ‘விதிகளுக்குட்பட்டே’ என்பதோடு சரி. ஆபீஸ் எடுத்திருக்க வேண்டிய முடிவை வீட்டுக்காரர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

தேதியிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் சட்டமும் நடைமுறையும் அதிகம் மோதிக்கொள்கின்றன.

பணம் கட்டவில்லை என்பதற்காக மின்சாரத்தை நிறுத்துவதானால் எழுத்து மூலம் குறைந்தது 15 தெளிவான நாட்கள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 56. ‘தெளிவான நாட்கள்’ என்றால் அறிவிப்பு கைக்கு வந்த நாளும் கணக்கில் சேராது, இணைப்பை நிறுத்தும் நாளும் சேராது. நடுவில் முழுசாக 15 நாள் இருக்க வேண்டும். இது வக்கீலுக்குத் தெரியும். படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, அவருக்குக் காலண்டரில் வட்டம் போட ஒரு நாள் வேண்டும், அவ்வளவுதான்.

நான் படித்த கடிதத்தில் தேதி 26-05-2025 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது 31-ஆம் தேதி, சனிக்கிழமை. அப்பா கடிதத்தின் தலையில் உள்ள தேதியிலிருந்து எண்ணுகிறார். ஜூன் 10 வருகிறது. மகள் கைக்கு வந்த நாளையே முதல் நாளாக எடுத்துக்கொள்கிறாள். ஜூன் 14 வருகிறது. சட்டப்படி எண்ணினால் ஜூன் 1 முதல் 15 வரை, ஆக 15-ஆம் தேதி. அது ஞாயிற்றுக்கிழமை, கவுண்ட்டர் இருக்காது. எனவே நேரில் கட்டுபவருக்கு நடைமுறையில் கடைசி நாள் 16, திங்கள். ஒரே தாள், நான்கு கடைசித் தேதிகள். நல்ல எண்ணம் கொண்ட குடும்பம் ஜூன் 10-க்கே கட்டிவிடும். கையில் காசு புரளாத குடும்பம் கடைசி நாள் வரை இழுக்கும். எது கடைசி நாள் என்று தப்பாக எண்ணினால் அடி விழுவது அவர்களுக்குத்தான்.

“கிடைத்த 15 நாட்களுக்குள் என்றுதானே போட முடியும்? எப்போது கிடைக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று அலுவலகங்களில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு வழி, எண்ணும் வேலையைப் பின்னிருந்து செய்வது. கடைசி நாள் ஜூன் 16, திங்கள் என்று முதலில் முடிவு செய்து, அதையே பெரிதாக அச்சடிக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் தாளில் வேறு எந்தக் கணக்கும் வேண்டாம். ஆபீசில் தங்கும் அடிக்கட்டையில் மட்டும் ‘31-05-க்குப் பிறகு ஒப்படைக்கக் கூடாது’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஊழியரால் அந்த நாளுக்குள் கொடுக்க முடியவில்லை என்றால் அந்தத் தாள் செல்லாது. புதிய தேதியோடு வேறு தாள் அடிக்க வேண்டும். எண்ணும் பொறுப்பு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போய்விடும். கொடுத்த நாளும் வாங்கியவர் கையெழுத்தும் அடிக்கட்டையில் இருப்பதால், பிறகு தகராறு வந்தாலும் ஆபீசுக்குத்தான் பாதுகாப்பு.

கிழமையையும் எழுத வேண்டும். ‘16-06-2025’ என்பதைவிட ‘ஜூன் 16, திங்கட்கிழமை’ என்பது தவறாகப் பதிய வாய்ப்புக் குறைவு. எண்ணில் எழுத்துப்பிழை விழுந்தாலும் கிழமை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்ததும் ‘20 நாளுக்குள் கட்டணும்’ என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்த 20-க்குள் இரண்டு கெடுக்கள் ஒளிந்திருக்கின்றன. தாழ்வழுத்த இணைப்புகளுக்கு, கட்டுவதற்கு என்று 5 நாள். அதற்குப் பிறகு துண்டிப்புக்கான முன்னறிவிப்புக் காலமாக 15 நாள். கட்ட வேண்டிய தேதி என்று ஒன்றும், துண்டிக்கும் தேதி என்று ஒன்றும் குறிக்கப்படும்போது, மக்கள் இரண்டாவதைத்தான் நிஜமான கெடுவாக எடுத்துக்கொள்கிறார்கள். முதலாவதை யாரும் பார்ப்பதுகூட இல்லை. இதில் மக்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் தேதியைத் தாண்டினால் ஒன்றும் ஆகாது என்று ஒவ்வொரு இரண்டு மாதமும் ஆபீசே அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது. அறிவிப்பில் ஒரே ஒரு தேதிதான் நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். ‘ஜூன் 17 முதல் மின்சாரம் நிறுத்தப்படலாம்’ என்பது அதன் கீழே சின்னதாக வரலாம். அது கெடுவாகப் படிக்கப்படாது, கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பதாகத்தான் படிக்கப்படும்.

இனி தொகை. பழைய மாதிரியில் 980, 34, 1,240, 2,254 என்று நான்கு இருந்தன. எதைக் கட்டினால் வயர்மேன் வர மாட்டார்?

இந்தக் கேள்வியை நான் ஆபீசில் கேட்டால் பெரும்பாலும் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். வருவாய்ப் பிரிவு ஒன்று சொல்லும், கம்ப்யூட்டர் பிரிவு ஒன்று சொல்லும். முறைப்படி பார்த்தால் கெடு தாண்டியது முன் பருவத் தொகை 980-உம் அதன் மீதான 34-உம். நடப்புப் பருவத்தின் 1,240-க்குக் கெடு இன்னும் இருக்கிறது. அதற்காக யாரும் இப்போது ஃபீஸைப் பிடுங்க முடியாது. அப்படியானால் துண்டிப்பைத் தடுக்கும் தொகை ரூ.1,014. 1,240-க்கு இந்தத் தாளில் இடமே இல்லை.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ரூ.1,014 என்று அழகாக அச்சடித்து அனுப்பிவிட்டு, வீட்டுக்காரர் ஆப்பைத் திறந்தால் அது 2,254-ஐ மட்டுமே வாங்குவேன் என்று நின்றால்? அல்லது அவர் நடப்பு பில்லை மட்டும் கட்டி ரசீது வாங்கிவிட்டு, “நான்தான் கட்டிவிட்டேனே” என்று இருந்தால்? இரண்டுமே நடக்கக் கூடியவை. எனவே தாளில் எழுதப்படும் தொகை, கட்டும் இடத்தில் அப்படியே வாங்கப்படும் தொகையாக இருக்க வேண்டும். மென்பொருள் முழுத்தொகையைத்தான் வாங்கும் என்றால், அதைத் திருத்தும் வரை அறிவிப்பிலும் முழுத்தொகையைத்தான் எழுத வேண்டும், மனமில்லாவிட்டாலும். திருத்தி எழுதுபவர் முதலில் கட்டண கவுண்ட்டருக்குப் போய் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலையில்லை இது.

தாமதக் கட்டணத்தில் இன்னொரு சங்கதி. 34 என்பது கடிதம் அடித்த நாள் வரைக்குமான கணக்காக இருந்து, கட்டுகிற நாளில் 37 என்று ஏறினால், சரியாக 1,014 எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவர் மூன்று ரூபாய்க்காகத் திரும்பிப் போக வேண்டிவரும். அல்லது மூன்று ரூபாய் நிலுவை என்ற பெயரில் கணக்கில் நிற்பார். கடைசி நாள் வரை ஆகும் தாமதக் கட்டணத்தை முதலிலேயே கணக்கிட்டு, ‘ஜூன் 16 வரை எந்த நாளில் கட்டினாலும் இதே தொகை’ என்று ஒரு வரி போட்டால் அது முடிந்தது. மறுஇணைப்புக் கட்டணத்தை மேல்தொகையோடு கூட்டக் கூடாது. இன்னும் இணைப்பைத் துண்டிக்கவே இல்லையே.

தொகையை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஒரு வரி வேண்டும். மீட்டர் ஓடுவதில் சந்தேகம், பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஏராளமாக பில் என்று வருபவர்கள் உண்டு. பிரிவு 56-இலேயே அவர்களுக்கு வழி இருக்கிறது. எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டு, கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதத்தில் கட்டியதன் சராசரிக் கணக்கில் வரும் தொகையையோ, எது குறைவோ அதை வைப்பாகக் கட்டினால், தகராறு தீரும் வரை மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. துண்டிக்கும் அதிகாரத்துக்குப் பிரிவு எண்ணை எழுதும் அறிவிப்புகள், அதே பிரிவில் அடுத்து வரும் இந்தப் பாதுகாப்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. எனக்கு இது நேர்மையாகப் படவில்லை.

மூன்றாவது, மறுஇணைப்பு. இதை எழுதுவதுதான் கடினம், ஏனென்றால் எழுதுவதற்கு முன் பதில் வேண்டும். பணம் கட்டிய செய்தி கம்ப்யூட்டரில் தெரிந்து அவர்களாகவே வருவார்களா, நாம் போய்ச் சொல்ல வேண்டுமா? ரசீதைக் காட்ட வேண்டுமா? வெள்ளிக்கிழமை மாலை கட்டினால் எப்போது விளக்கு எரியும்? நம் ஊரில் இதற்கெல்லாம் விடை, லைன்மேனைத் தெரிந்தவருக்கு ஒரு மாதிரி, தெரியாதவருக்கு ஒரு மாதிரி. அதை அச்சடிக்க முடியாது. அச்சடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால்தான் ஆபீசும் முடிவெடுக்கிறது. ஓர் இடத்தில் இந்த ஒரு வரிக்காக மட்டும் பல கூட்டங்கள் நடந்தன. மற்ற இரண்டும் ஒரு மதியத்தில் முடிந்துவிட்டன.

அந்தப் படிகளை எங்கே அச்சடிப்பது என்பது அதைவிட முக்கியம். அறிவிப்பின் பின்பக்கம் போடுவார்கள். இரண்டு வாரத்துக்கு முன் வந்த தாள், மின்சாரம் போன மாலையில் எங்கே இருக்கும்? அலமாரியில் தேட வெளிச்சமும் இருக்காது. போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கும் என்பதும் தெரியாது. மறுஇணைப்புப் படிகள் ஃபீஸைக் கழற்றுகிற ஊழியர் மீட்டர் பெட்டியில் கட்டிவிட்டுப் போகும் அட்டையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் பார்க்கப் போகிற இடம் மீட்டர் பெட்டிதான். ஃபீஸ் தானாகப் போய்விட்டதா, ஏரியாவிலேயே கரண்ட் இல்லையா, நிறுத்திவிட்டார்களா என்று பார்க்க எல்லோரும் முதலில் அங்கேதான் போவார்கள்.

அந்த அட்டையில் நான் எழுதுவது இவ்வளவுதான்:

“பணம் கட்டாததால் இந்த இணைப்பு ஜூன் 17 அன்று நிறுத்தப்பட்டது. திரும்பப் பெற: (1) ரூ. ____ கட்டுங்கள். நிலுவையும் மறுஇணைப்புக் கட்டணமும் இதில் அடங்கும். (2) ரசீது எண்ணைப் பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள். நேரில் வர வேண்டியதில்லை. (3) ____ மணிக்குள் கட்டினால் அன்றே இணைப்பு வரும். நீங்களாக ஃபீஸ் போடாதீர்கள், உயிருக்கு ஆபத்து.”

கோடிட்ட இடங்களை ஆபீஸ் நிரப்ப வேண்டும், ஊழியர் அல்ல. மூன்றாவது வரியில் எழுத நேரம் கிடைக்காத ஆபீஸ், விடுமுறைக்கு முந்தின நாள் யாருடைய இணைப்பையும் துண்டிக்காமல் இருப்பது நல்லது.

இப்போது முழுத் தாளையும் புதிதாகப் படிக்கிறேன்:

“மின்சாரம் நிறுத்தப்படும் முன் அறிவிப்பு. கதவு எண் 14, முதல் மாடி. இணைப்பு எண் ______.
கட்ட வேண்டியது: ரூ.1,014
கடைசி நாள்: ஜூன் 16, திங்கட்கிழமை
அதுவரை எந்த நாளில் கட்டினாலும் இதே தொகை. கட்டாவிட்டால் ஜூன் 17 முதல் மின்சாரம் நிறுத்தப்படலாம். அப்போது மறுஇணைப்புக் கட்டணமும் சேரும்.
தொகை எப்படி வந்தது: பிப்ரவரி – மார்ச் கட்டணம் ரூ.980, ஜூன் 16 வரை தாமதக் கட்டணம் ரூ.34.
தொகை தவறு என்று நினைத்தால் கடைசி நாளுக்குள் எழுதிக் கொடுங்கள். கேட்ட தொகை, ஆறு மாதச் சராசரித் தொகை, இரண்டில் குறைந்ததைக் கட்டினால் முடிவு தெரியும் வரை நிறுத்த மாட்டோம்.”

பிரிவு 56 கடைசியில், சிறிய எழுத்தில். பெயருக்குப் பதிலாகக் கதவு எண் வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நம்மூரில் பல இணைப்புகள் இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கின்றன. குடியிருப்பவர் வாடகைக்காரர். இறந்துபோனவர் பெயருக்கு வந்த கடிதத்தைத் தனக்கு வந்ததாக அவர் நினைக்க மாட்டார். எந்த வீட்டு விளக்கு அணையும் என்பதைத் தாள் சொல்ல வேண்டும். மூன்று போர்ஷன் உள்ள வீட்டில் மாடியும் முக்கியம்.

இன்று இந்த அறிவிப்பு பலருக்கு எஸ்.எம்.எஸ்.ஸாகத்தான் போகிறது, அதுவும் பதிவு செய்த போன் எண் வீட்டு உரிமையாளருடையது என்றால் அவருக்கே போகிறது. வாடகைக்காரர் விஷயத்தில் குறுஞ்செய்தியை மட்டும் நம்ப முடியாது. அதற்குத் தமிழில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70. அதிலும் புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றும் தனி எழுத்தாக எண்ணப்படும். ‘இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது’ என்று மரியாதையாக முடித்தால் அதற்கே 30 போய்விடும். நான் எழுதிப் பார்த்தது இது: ‘மின் இணைப்பு 1234க்கு ரூ.1014ஐ 16-06 திங்களுக்குள் கட்டவும்.’ 60 எழுத்து. ஒரே செய்தியில் அடங்குகிறது. இணைப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும். அந்த ‘ஐ’யை எடுத்துவிட்டால் தொகையும் தேதியும் ஒட்டிக்கொண்டு ஒரே எண் மாதிரித் தெரியும், ஆகவே அது இருக்கட்டும்.

இதில் போன் நம்பரோ லிங்கோ இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். “உங்கள் போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30-க்கு கரண்ட் கட், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள்” என்று பத்து இலக்க எண்ணிலிருந்து வந்த மோசடிச் செய்திகள் 2022 வாக்கில் நாடு முழுவதும் சுற்றின, கூப்பிட்டவர்களின் வங்கிக் கணக்கில் கை வைத்தார்கள். அந்தச் செய்தியை எழுதியவனுக்கு அறிவிப்பு எழுதத் தெரிந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: குறிப்பிட்ட நேரம், செய்ய வேண்டிய ஒரே வேலை. அதில் இல்லாதது தொகை. இணைப்பு எண்ணும் அவனுக்குத் தெரியாது. உண்மையான அறிவிப்பில் இவ்விரண்டும் எப்போதும் இருக்கும், போன் நம்பரும் லிங்கும் எப்போதும் இருக்காது, ‘இன்று இரவு’ என்ற பேச்சே வராது என்று ஒரு மின்வாரியம் உறுதியாக நடந்துகொண்டால், இரண்டையும் மக்களே பிரித்துப் பார்த்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு மின்னகத்தின் 94987 94987 இருக்கிறது. அதைச் செய்திக்குள் போடாமல் பில்லிலும் ஆபீஸ் சுவரிலும் போட்டுப் பழக்க வேண்டும்.

கடைசியாக, சோதித்துப் பார்ப்பது. தாளைக் கையில் கொடுத்து “புரிகிறதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். படிக்கத் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். ஆகவே மூன்று கேள்வி கேட்கிறோம்: இப்போது உங்கள் கையில் எவ்வளவு எடுத்துக்கொண்டு போவீர்கள்? காலண்டரில் கடைசி நாளைத் தொட்டுக் காட்டுங்கள். நாளைக்கு வந்து நிறுத்திவிட்டார்கள், முதலில் எங்கே போவீர்கள்? பதிலைவிட விரல் எங்கே போய்த் தேடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். விரல் இரண்டு இடத்துக்குப் போனால், அந்த இரண்டில் ஒன்றைத் தாளிலிருந்து எடுக்க வேண்டும்.

அப்படிச் சோதித்த ஒரு வரைவில், மறுஇணைப்புக் கட்டணத்தையும் அறிவிப்புத் தாளிலேயே தொகையோடு அச்சடித்திருந்தோம். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்று நினைப்பு. காய்கறிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா இரண்டையும் மனக்கணக்காகக் கூட்டி அந்த மொத்தத்தைச் சொன்னார். “ரெண்டு ரூவா கணக்கும் போட்டிருக்கே, ரெண்டையும்தானே கட்டணும்?” என்றார். அவரிடம் வாதாட எதுவும் இருக்கவில்லை. தொகையை எடுத்துவிட்டு, ‘அப்போது மறுஇணைப்புக் கட்டணமும் சேரும்’ என்ற சொற்களை மட்டும் விட்டோம். ரூபாய்க் குறி போட்ட எண் மறுஇணைப்பு அட்டைக்குப் போனது.